கட்டமும் அம்பும்: இரும்பை வைத்து ஆர்பிட்டால் படம் வாசிப்பது எப்படி?

உவரிக் கடற்கரையில் அலை ஏறி இறங்கிய இடத்தில் வெளிர் மணலுக்கு மேல் கருப்பாக ஒரு படலம் தங்கி நிற்கும். கையில் அள்ளிப் பார்த்தால் கருப்பு மணிகளுக்கு நடுவே சிவப்பு மணிகளும் மின்னும். சிவப்பு கார்னெட், கருப்பில் பெரும்பங்கு இல்மனைட். கூடவே கொஞ்சம் ரூட்டைலும் சிர்கானும் இருக்கும். இந்த மணலைப் பிரிக்கும் ஆலைகளில் வலுவான காந்த உருளை ஒன்று சுழலும். இல்மனைட் அதில் ஒட்டிக்கொண்டு ஒரு பக்கம் போகும், ரூட்டைல் ஒட்டாமல் மறுபக்கம் விழும். இரண்டிலும் டைட்டானியம் இருக்கிறது. பிறகு ஏன் ஒன்றைக் காந்தம் இழுக்கிறது, மற்றதை விட்டுவிடுகிறது?

இதற்கு விடை, பதினொன்றாம் வகுப்பு வேதியியலில் வரும் ஐந்து சிறிய கட்டங்களுக்குள் இருக்கிறது. அம்பு போட்ட அந்தப் படத்தைச் சரியாக வாசிக்கத் தெரிந்தால் போதும். வாசிப்பது சுலபம் போலத் தோன்றும். ஆனால் தப்பாக வாசித்தும் சரியான விடை வந்துவிடும் இடங்கள் அதில் உண்டு. மதிப்பெண் போவது பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. இரும்பு ஒன்றையே எடுத்துக்கொண்டு முழுவதும் போய்ப் பார்ப்போம்.

வினாத்தாளில் இப்படி ஒரு படம் கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

```
1s [↑↓]
2s [↑↓]  2p [↑↓][↑↓][↑↓]
3s [↑↓]  3p [↑↓][↑↓][↑↓]
4s [↑↓]
3d [↑↓][↑ ][↑ ][↑ ][↑ ]
```

ஒரு கட்டம் என்றால் ஓர் ஆர்பிட்டால். ஓர் அம்பு என்றால் ஓர் எலக்ட்ரான். அம்பு மேலே பார்ப்பதும் கீழே பார்ப்பதும் எலக்ட்ரானின் தற்சுழற்சி எந்தப் பக்கம் என்பதற்கான அடையாளம். s என்றால் ஒரு கட்டம், p என்றால் மூன்று, d என்றால் ஐந்து, f என்றால் ஏழு. ஒரு கட்டத்தில் அதிகம் போனால் இரண்டு அம்பு, அவையும் எதிரெதிராகத்தான் நிற்க முடியும்.

படத்தைப் பார்த்ததும் அம்பை எண்ணத் தொடங்கிவிடக் கூடாது. முதலில் கட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெயரைப் படிக்க வேண்டும். சில படங்கள் ஆற்றல் ஏறும் வரிசையில் வரையப்பட்டிருக்கும், அங்கே 4s முதலில் வரும், 3d அதற்கு மேல் இருக்கும். சில படங்கள் கூட்டு எண் வரிசையில் படுக்கையாகப் போகும், அங்கே 3d-க்குப் பிறகு 4s. பெயரைப் பார்க்காமல் இடத்தை வைத்து ஊகித்தால் இரண்டும் இடம் மாறிவிடும்.

அடுத்து, ஒரே பெயருள்ள கட்டங்களை ஒரு கூட்டமாகப் பார்த்து அதில் மொத்தம் எத்தனை அம்பு என்று எண்ணி, அந்த எண்ணைப் பெயரின் தலையில் எழுத வேண்டும். மேல் படத்தில் 1s-இல் 2, 2s-இல் 2, 2p-இல் 6, 3s-இல் 2, 3p-இல் 6, 4s-இல் 2, 3d-இல் 6. ஆக எலக்ட்ரான் அமைப்பு 1s² 2s² 2p⁶ 3s² 3p⁶ 3d⁶ 4s². உள்ளே இருக்கும் முதல் 18 எலக்ட்ரான்கள் ஆர்கானின் அமைப்பு என்பதால் [Ar] 3d⁶ 4s² என்று சுருக்கியும் எழுதலாம்.

இங்கே வரும் வழக்கமான பிழை, அம்பை எண்ணுவதற்குப் பதில் கட்டத்தை எண்ணிவிடுவது. "சார், 3d-ல அஞ்சு கட்டத்துலயும் ஆள் இருக்கு, அப்ப 3d⁵ தானே?" என்று யாராவது ஒருவர் கேட்காத வகுப்பு இருக்காது. தலையில் எழுதும் எண்ணுக்குக் கட்டத்தின் எண்ணிக்கையோடு சம்பந்தமில்லை. எழுதி முடித்ததும் தலை எண்களையெல்லாம் கூட்டிப் பாருங்கள்: 2+2+6+2+6+6+2 = 26. இரும்பின் அணு எண் 26. கூட்டுத்தொகை 25 வந்தால் எங்கோ ஓர் அம்பு விட்டுப்போயிற்று என்று அப்போதே தெரிந்துவிடும். தனிமம் எது என்று வினா சொல்லாமல் படத்தை மட்டும் கொடுத்திருந்தாலும் இந்தக் கூட்டல்தான் அதைக் கண்டுபிடித்துத் தரும். ஆனால் அணு மின்சுமை இல்லாதது என்று உறுதியானால் மட்டுமே அப்படிச் சொல்லலாம். 10 அம்பு உள்ள படம் நியானாகவும் இருக்கலாம், Na⁺ ஆகவும் இருக்கலாம், F⁻ ஆகவும் இருக்கலாம்.

இனி இணையாகாத எலக்ட்ரான்கள். கட்டத்தில் துணையில்லாமல் ஒற்றையாக நிற்கும் அம்புகளை மட்டும் எண்ண வேண்டும். 3d-இல் முதல் கட்டம் இணை, மற்ற நான்கும் ஒற்றை. 4s இணை. உள்ளே எல்லாம் இணை. விடை 4.

இந்த விடையைச் சரிபார்க்க ஒரு சின்ன வழி இருக்கிறது. இணையாக நிற்பவை எப்போதும் இரண்டிரண்டாகத்தான் கழியும். அதனால் மொத்த எலக்ட்ரான் எண்ணிக்கை இரட்டைப்படை என்றால் ஒற்றை அம்புகளின் எண்ணிக்கையும் இரட்டைப்படையாகத்தான் வர வேண்டும். மொத்தம் ஒற்றைப்படை என்றால் இதுவும் ஒற்றைப்படை. 26 எலக்ட்ரான் உள்ள இரும்பணுவுக்கு யாராவது 5 என்றோ 3 என்றோ எழுதினால் படத்தையே பார்க்காமல் தப்பு என்று சொல்லிவிடலாம். இந்தச் சோதனை எல்லாப் பிழையையும் பிடித்துவிடாது. 3d⁶-ஐ மூன்று கட்டத்தில் இணை இணையாக அடைத்து, இரண்டு கட்டத்தைக் காலியாக விட்டு, பூச்சியம் என்று எழுதுகிறவரும் இரட்டைப்படைதான் எழுதியிருக்கிறார்.

அந்தப் பிழை ஏன் வருகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 3d⁶ என்று எழுதியதும் படத்தில் இருந்த ஒரு செய்தி காணாமல் போய்விடுகிறது. ஆறு எலக்ட்ரான் இருக்கிறது என்று அது சொல்லும், ஐந்து கட்டத்தில் எப்படிப் பரவி நிற்கின்றன என்று சொல்லாது. படத்திலிருந்து எழுத்துக்குப் போவது ஒருவழிப் பாதை மாதிரி. திரும்பி வர வேண்டுமானால் ஹுண்ட் விதி துணைக்கு வேண்டும்: ஒரே ஆற்றலுள்ள கட்டங்களில் முதலில் ஒவ்வொன்றாக, ஒரே பக்கம் பார்த்து நிரம்ப வேண்டும், அதன் பிறகுதான் இணை சேர வேண்டும். எனவே கையில் படம் இருக்கும்போது இணையாகாத எலக்ட்ரான்களைப் படத்திலேயே எண்ணிக் குறித்துக்கொள்வது நல்லது. எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு, தலை எண் இரட்டைப்படை என்பதால் எல்லாம் இணை என்று முடிவுகட்டினால் 3d⁶-உம் 3d⁸-உம் 2p⁴-உம் 2p²-உம் ஒருசேரக் கவிழும். எழுத்திலிருந்துதான் எண்ண வேண்டும் என்றால் d-க்கு 5 வரை உள்ள எண் அப்படியே விடை, 5-க்கு மேல் போனால் 10-இலிருந்து கழிக்க வேண்டும். d⁶-க்கு 4, d⁸-க்கு 2.

ஹுண்ட் விதிக்குப் பஸ் சீட் உவமை எல்லா டியூஷனிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. காலி சீட் இருக்கும்போது யாரும் இன்னொருவர் பக்கத்தில் போய் உட்கார மாட்டார்கள் என்பார்கள். தனித்தனிக் கட்டத்தில் ஏன் நிற்கின்றன என்பதற்கு அது சரிதான், எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குவதால் ஒரே கட்டத்தில் அடைபட ஆற்றல் அதிகம் செலவாகும். ஆனால் எல்லா அம்பும் ஏன் ஒரே பக்கம் பார்க்கின்றன என்பதற்கு அந்த உவமையில் விடை கிடையாது. ஒரே தற்சுழற்சியுள்ள எலக்ட்ரான்களுக்கு இடையே கிடைக்கும் பரிமாற்ற ஆற்றல்தான் அதற்குக் காரணம். அதனால்தான் சீட் உவமையை மட்டும் நம்பியவர்கள் மூன்று கட்டத்தில் ↑ ↓ ↑ என்று போட்டுவிட்டு எது தப்பு என்று கேட்பார்கள்.

படம் தப்பாகவே கொடுக்கப்பட்டிருக்கும் வினாக்களும் உண்டு. இங்கே எல்லாத் தப்பும் ஒரே தப்பு இல்லை. ஒரே கட்டத்தில் இரண்டு அம்பும் ஒரே பக்கம் பார்த்தால், ↑↑ என்று இருந்தால், அது பௌலி தவிர்ப்புத் தத்துவத்துக்கு மாறானது. அப்படி ஓர் அணு எந்த நிலையிலும் இருக்க முடியாது. அதற்கு எலக்ட்ரான் அமைப்பு எழுத முயல்வதே வீண். ஹுண்ட் விதியையோ, ஆற்றல் குறைந்த கட்டம் முதலில் நிரம்ப வேண்டும் என்னும் ஆஃபா வரிசையையோ மீறிய படம் வேறு வகை. 2p காலியாக இருக்கும்போதே 3s-இல் ஓர் அம்பு நின்றால் அது தாழ் ஆற்றல் நிலை இல்லை, கிளர்வு நிலை. அணு ஆற்றலை வாங்கிக்கொண்டு அப்படி நிற்க முடியும். "சாத்தியமில்லாதது எது?" என்று கேட்டால் பௌலியை மீறியதைத்தான் சுட்ட வேண்டும். "தாழ் ஆற்றல் நிலையைக் காட்டாதது எது?" என்று கேட்டால் மற்ற இரண்டும் உள்ளே வரும். ஒற்றை அம்புகள் எல்லாம் கீழே பார்த்து நிற்கும் படத்தில் தப்பு எதுவும் இல்லை, மேலே என்பது வெறும் வழக்கம்தான்.

குரோமியம், தாமிரம் இரண்டுக்கும் ஒரு வரி போதும். படத்தில் 4s-இல் ஓர் அம்புதான் நிற்கிறது, 3d-இல் ஐந்து அல்லது பத்து நிற்கிறது என்றால் படத்தில் இருப்பதையே எழுதுங்கள், 3d⁵ 4s¹, 3d¹⁰ 4s¹. அச்சுப்பிழை என்று நினைத்து 4s-ஐத் திருத்தப் போகாதீர்கள். குரோமியத்தில் ஒற்றை அம்பு 6, தாமிரத்தில் 1.

அயனிகளிடம் வந்தால்தான் விஷயம் சுவாரசியமாகிறது. இரும்பணு இரண்டு எலக்ட்ரானை இழந்து Fe²⁺ ஆகிறது. எந்த இரண்டு? படம் ஆற்றல் வரிசையில் வரையப்பட்டிருந்தால் 3d மேலே இருக்கும், கடைசியாக நிரம்பியதும் அதுதான். அதனால் கை தானாக 3d-இலிருந்து இரண்டு அம்பை அழிக்கப் போகும். அப்படிச் செய்யக் கூடாது. வெளிக்கூட்டில் இருப்பது 4s, கூட்டு எண் பெரியது அதற்குத்தான். முதலில் கழல்வது 4s-இன் இரண்டு எலக்ட்ரான்கள். Fe²⁺-இன் அமைப்பு [Ar] 3d⁶:

```
Fe²⁺  4s [  ]   3d [↑↓][↑ ][↑ ][↑ ][↑ ]
```

ஒற்றை அம்பு 4. இப்போது தப்பான வழியிலும் செய்து பாருங்கள். 3d⁶-இலிருந்து இரண்டை எடுத்தால் 3d⁴ 4s². நான்கு கட்டத்தில் ஒவ்வொன்று, ஒரு கட்டம் காலி, 4s இணை. ஒற்றை அம்பு அங்கேயும் 4. ஒரு மதிப்பெண் வினாவில் "இணையாகாத எலக்ட்ரான்கள் எத்தனை?" என்று மட்டும் கேட்டால் தப்பாகச் செய்தவருக்கும் முழு மதிப்பெண் கிடைத்துவிடும். அவர் தன் முறை சரி என்று நம்பிக்கொண்டே அடுத்த வினாவுக்குப் போவார்.

அடுத்த வினா Fe³⁺ என்றால் அங்கே அகப்படுவார். சரியான வழியில் 4s-இன் இரண்டும் போய், 3d-இல் இணையாக நின்ற கட்டத்திலிருந்து ஒன்றும் போகும். மிச்சம் 3d⁵, ஐந்து கட்டத்திலும் ஒவ்வொன்று, ஒற்றை அம்பு 5. தப்பான வழியில் மூன்றையும் 3d-இலிருந்து எடுத்தால் 3d³ 4s², ஒற்றை அம்பு 3. எலக்ட்ரான் மொத்தம் 23, இரண்டு விடையும் ஒற்றைப்படை, முன்னே சொன்ன சோதனையும் இங்கே உதவாது. மூன்றாவதாக ஒரு தப்பும் உண்டு: 4s-ஐச் சரியாகக் காலி செய்துவிட்டு, 3d-இல் இணையாக நிற்பதை விட்டுவிட்டு, வலது ஓரத்தில் ஒற்றையாக நின்ற அம்பை அழிப்பது. அப்போதும் 3 வரும். அமைப்பை எழுதச் சொன்னால் அவரும் 3d⁵ என்று சரியாகத்தான் எழுதுவார், எண்ணிக்கை மட்டும் தப்பு. அயனிக்குப் படம் போடும்போது பழைய படத்தில் அம்பை அழிக்காமல், மிச்சமிருக்கும் எலக்ட்ரான்களை ஹுண்ட் விதிப்படி புதிதாக நிரப்பிவிடுவது பாதுகாப்பு.

இந்த வித்தியாசம் தாளோடு முடிவதில்லை, ஆய்வகத்தில் அளந்து பார்க்க முடியும். ஒவ்வோர் எலக்ட்ரானும் ஒரு குட்டிக் காந்தம் மாதிரி, இணையாக நிற்பவை ஒன்றையொன்று கழித்துவிடும், ஒற்றை அம்புகளின் காந்தம் மட்டும் மிஞ்சும். தற்சுழற்சியை மட்டும் கணக்கில் எடுக்கும் காந்தத் திருப்புத்திறன் வாய்பாடு μ = √(n(n+2)), இதில் n என்பது ஒற்றை அம்புகளின் எண்ணிக்கை, விடை போர் மேக்னட்டானில் வரும். n = 5 என்றால் √35, அதாவது 5.92. n = 3 என்றால் √15, அதாவது 3.87. சாதாரண ஃபெர்ரிக் உப்புகளில் அளந்தால் 5.9-ஐ ஒட்டித்தான் வருகிறது. 4s முதலில் காலியாகிறது என்பதற்கு இது கையில் கிடைக்கும் சாட்சி. Fe²⁺-க்கு வாய்பாடு √24 = 4.90 தரும், அளந்தால் 5-க்குக் கொஞ்சம் மேலே நிற்கும். எலக்ட்ரானின் ஆர்பிட்டால் இயக்கமும் கொஞ்சம் பங்கு சேர்ப்பதால் வரும் மிச்சம் அது, அம்பை எண்ணியதில் பிழை இல்லை.

இப்போது மணலுக்குத் திரும்புவோம். இல்மனைட் FeTiO₃. இதில் இரும்பு Fe²⁺, டைட்டானியம் Ti⁴⁺ என்று கொள்வது வழக்கம். ரூட்டைல் TiO₂, அதிலும் டைட்டானியம் Ti⁴⁺. டைட்டானியம் அணுவின் எலக்ட்ரான் 22, அமைப்பு [Ar] 3d² 4s². நான்கையும் இழந்தால் 4s-உம் காலி, 3d-உம் காலி, [Ar] மட்டும் மிச்சம். ஒற்றை அம்பு பூச்சியம். ரூட்டைலைக் காந்தம் விட்டுவிடுவது அதனால்தான். சிர்கானில் உள்ள Zr⁴⁺-உம் இதே கதை, கிரிப்டான் அமைப்பு, ஒற்றை அம்பு எதுவும் இல்லை. இல்மனைட்டை உருளை பிடித்து வைப்பது அதிலுள்ள Fe²⁺-இன் நான்கு ஒற்றை அம்புகளை நம்பி. சிவப்புக் கார்னெட்டிலும் Fe²⁺ இருப்பதால் அதுவும் காந்தத்துக்குக் கொஞ்சம் இசையும். இது பாரா காந்தத்தன்மை, வலு குறைந்த இழுப்பு. விளையாட்டுச் சாமானிலிருந்து கழற்றிய சாதாரணக் காந்தத்துக்கு இல்மனைட் வராது, வலுவான காந்தம் வேண்டும்.

அப்படியானால் ஒற்றை அம்பு கூடினால் காந்த இழுப்பும் கூட வேண்டுமே என்று கேட்கத் தோன்றும். திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மண் அதற்கு இல்லை என்கிறது. அந்தச் செம்மணலின் நிறம், மணிகள் மேல் படிந்திருக்கும் ஹெமடைட்டால் வருவது. ஹெமடைட் Fe₂O₃, அதில் எல்லா இரும்பும் Fe³⁺, ஒவ்வொன்றிலும் ஐந்து ஒற்றை அம்பு. எண்ணிக்கைப்படி இல்மனைட்டைவிட அதிகம். ஆனால் ஹெமடைட்டின் இழுப்பு மிகவும் குறைவு. காரணம், அந்தப் படிகத்தில் ஓர் அடுக்கு இரும்பின் ஐந்து அம்பும் ஒரு பக்கம் பார்த்தால், அடுத்த அடுக்கின் ஐந்து அம்பும் ஏறக்குறைய நேரெதிர்ப் பக்கம் பார்க்கின்றன. இரண்டும் ஒன்றையொன்று கிட்டத்தட்ட முழுவதும் கழித்துவிடுகின்றன. நாம் வரைந்த படம் ஓர் அயனிக்கு உள்ளே நடப்பதை மட்டும் காட்டுகிறது, பக்கத்து அயனி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதற்கு அதில் இடமில்லை.

படத்துக்கு இன்னொரு எல்லையும் உண்டு. d-இன் ஐந்து கட்டங்களையும் ஒரே வரிசையில் வரைகிறோம், அதாவது ஐந்துக்கும் ஒரே ஆற்றல் என்று எடுத்துக்கொள்கிறோம். இரும்பைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகள் ஆறு நின்றால் ஐந்தும் கொஞ்சம் பிரியும், ஆனால் நான்கு ஒற்றை அம்பு அப்படியே இருக்கும். ஆறு சயனைடு வந்து சுற்றிக்கொண்டால், [Fe(CN)₆]⁴⁻-இல், கீழே மூன்று, மேலே இரண்டு என்று அகலமாகப் பிரிந்துவிடும். மேலே ஏறுவதைவிடக் கீழேயே இணை சேர்வது லாபம் என்று ஆறும் மூன்று கட்டத்தில் அடைந்துவிடும். அதே Fe²⁺, அதே 3d⁶, ஒற்றை அம்பு பூச்சியம். பன்னிரண்டாம் வகுப்பில் அணைவுச் சேர்மங்கள் பாடம் வரும்வரை தனி அயனிக்குப் போட்ட கணக்கை அணைவுக்கு எடுத்துக்கொண்டு போகாமல் இருப்பது நல்லது.

கருமணலில் சாதாரணக் காந்தத்தை விட்டுத் துழாவினால் சில மணிகள் மட்டும் மீசை மாதிரி நிமிர்ந்து ஒட்டிக்கொள்ளும். அவை மேக்னடைட், Fe₃O₄. மூன்று இரும்பில் ஒன்று Fe²⁺, இரண்டு Fe³⁺. அம்புகளைக் கூட்டினால் 4 + 5 + 5 = 14. ஆனால் இரண்டு Fe³⁺-இல் ஒன்று படிகத்தில் ஒரு வகை இடத்திலும், மற்றது வேறு வகை இடத்திலும் உட்கார்ந்து எதிரெதிர்ப் பக்கம் பார்க்கின்றன. ஐந்துக்கு ஐந்து கழிந்து போய்விடும். மிச்சம் Fe²⁺-இன் நான்கு அம்பு மட்டும், அவை படிகத்தின் ஒவ்வொரு சிறு பகுதிக்குள்ளும் ஒரே பக்கமாக வரிசை கட்டி நிற்கும். இப்படி வரிசை கட்டிய அம்புகளுக்கு வர்க்கமூல வாய்பாடு வேண்டாம், ஓர் அம்புக்கு ஒரு போர் மேக்னட்டான் என்று எடுத்துக்கொண்டால் போதும், 4 வர வேண்டும். Fe₃O₄-இல் அளந்தபோது கிடைத்த மதிப்பு ஏறத்தாழ 4.1.